பார்வையையும் சொடுக்கையும் ஒரே எண்ணாகக் கூட்ட வேண்டாம்: கூட்டு விளம்பரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை நடத்தி, தீபாவளிக்கு முன் பொதுவில் பணம் போட்டுக் காணொலி விளம்பரம் செய்யும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற தீபாவளி விளம்பரத்துக்கு விளம்பர நிறுவனம் கொடுத்த அறிக்கையில், ‘விளம்பரத்தால் வந்த ஆர்டர்கள்’ என்று ஒரே ஓர் எண் இருந்தது. அந்த எண்ணை வைத்து, வரும் ஆண்டுக்கான நிதியில் பெரும்பகுதியை நம் பழைய வாடிக்கையாளர்களுக்கே காட்டும் விளம்பரத்துக்கு ஒதுக்கலாம் என்று யோசனை எழுந்துள்ளது. முடிவெடுக்கும் முன் அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதைக் குழுவினர் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அதில் இரண்டு வேறு கணக்குகள் கலந்திருக்கின்றன. ஒருவர் விளம்பரத்தைச் சொடுக்கி, நம் இணையத்தளத்துக்கு வந்து, குறிப்பிட்ட நாள்களுக்குள் வாங்கினால் அது சொடுக்குக் கணக்கு. விளம்பரம் திரையில் தோன்றியது, அவர் சொடுக்கவில்லை, ஆனால் பிறகு தாமாகவே வந்து வாங்கினார் என்றால் அது பார்வைக் கணக்கு. விளம்பரத் துறையினர் இதை வியூ-த்ரூ கன்வெர்ஷன் என்பார்கள். முகநூலில் வழக்கமாக வைக்கப்படும் அமைப்பு, சொடுக்கிய 7 நாள்களுக்குள் வந்த ஆர்டரையும் பார்த்த 1 நாளுக்குள் வந்த ஆர்டரையும் சேர்த்தே காட்டுகிறது. ‘பார்த்தார்’ என்பதற்கு அங்கே பொருள், காணொலி திரைக்குள் வந்தது என்பதுதான். அவர் அதை நின்று பார்த்தாரா, கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனாரா என்பதைப் பற்றி அந்தக் கணக்குக்கு அக்கறையில்லை.

என் கடைக்கு அடிக்கடி வரும் ஓர் அக்கா, தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை கடையிலேயே புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கைக்கு நேரடியாகப் போய்ச் சேரட்டும் என்று வீட்டுக்குப் போய் இயங்கலையில் ஆர்டர் செய்தார். “உங்க விளம்பரம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, நான் தள்ளிவிட்டுட்டேன்” என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார். அந்த ஆர்டர் பார்வைக் கணக்கில் ஏறுவதைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

இது ஓர் அக்காவின் கதையோடு நிற்பதில்லை என்பதை என் கடையின் சொந்தச் செலவில் சோதித்துப் பார்த்தேன். விளம்பரத்துக்குச் சம்மதம் தந்த 10,000 வாடிக்கையாளர்களின் பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இங்கே 8 விரும்பி வாங்கப்படும் எண், 4 பலர் தவிர்க்கும் எண் என்பதால் பிரிவுகள் சமமாக இருக்காது. ஆகவே பட்டியலைக் குலுக்கி, முதல் 8,000 பேருக்கு விளம்பரம் காட்டவும், மீதி 2,000 பேரை விளம்பரத்திலிருந்து விலக்கவும் ஏற்பாடு செய்தேன். 21 நாள்களில் ஒருவருக்குச் சராசரியாக 12 முறை காணொலி தோன்றியது. செலவு 1,680 ரிங்கிட்.

அந்த 8,000 பேரிடமிருந்து 264 ஆர்டர்கள் வந்தன. முகநூல் அவற்றில் 54-ஐச் சொடுக்குக்கும் 170-ஐப் பார்வைக்கும் எழுதிக்கொண்டது. 40 ஆர்டர்கள் மட்டும் யார் கணக்கிலும் ஏறவில்லை. இரண்டையும் கூட்டினால் 224 ஆர்டர், ஒன்றுக்கு 7.50 ரிங்கிட். பார்ப்பவர் யாரும் மகிழ்ந்துபோகும் எண் இது.

இப்போது விளம்பரமே காணாத 2,000 பேருக்கு வருவோம். பார்வைக் கணக்கில் ஏறிய 170 ஆர்டர்களும் மெய்யாகவே விளம்பரத்தால் வந்தவை என்றால், விளம்பரம் இல்லாமல் அந்த 8,000 பேர் அதிகபட்சம் 94 ஆர்டர்கள்தான் கொடுத்திருப்பார்கள். அதாவது சொடுக்கிய 54 பேரும் எப்படியும் வாங்கியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் கூட. அந்த விகிதப்படி 2,000 பேரிடமிருந்து ஏறக்குறைய 24 ஆர்டர்கள் வரவேண்டும். வந்தவை 60. அதை 8,000 பேருக்குப் பெருக்கினால் 240. ஆக விளம்பரம் கூடுதலாகக் கொண்டுவந்தது 224 அல்ல, 24 அளவில்தான்.

இந்த 24-ஐயும் கல்லில் எழுதிவிட முடியாது. 60 என்ற சிறிய எண் தற்செயலாகவே 45 முதல் 75 வரை ஆடக்கூடியது. விளம்பரத்துக்கு மிகச் சாதகமான முனையை எடுத்தாலும் கூடுதல் ஆர்டர் 84 அளவில்தான் நிற்கும். ஒன்றுக்குச் செலவு 20 ரிங்கிட். நடுவான கணிப்பில் 70 ரிங்கிட். 20 என்றால் எனக்குக் கட்டும், 70 என்றால் நட்டம். எது உண்மை என்பதை இன்னும் பெரிய பட்டியலில் சோதித்தால்தான் தெரியும். ஆனால் 7.50 உண்மையல்ல என்பது இப்போதே தெரிந்துவிட்டது.

காரணம் விளம்பரத்தின் தரத்தில் இல்லை. 21 நாளில் 12 முறை ஒருவர் திரையில் காணொலி தோன்றினால், அவர் எந்த நாளில் வாங்கினாலும் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் அது அவர் திரையில் தோன்றியிருக்க ஏறக்குறையப் பாதி வாய்ப்பு உண்டு. விளம்பரம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஏறக்குறையப் பாதி ஆர்டர்கள் பார்வைக் கணக்கில் ஏறிவிடும். தீபாவளிக்கு எப்படியும் நம்மிடம் வாங்கும் மக்களிடம் எவ்வளவு அதிகமாகக் காட்டுகிறோமோ, அந்த எண்ணும் அவ்வளவு அழகாகிக்கொண்டே போகும். எனக்குக் கவலை தருவது இதுதான்: நம் கடையை அறியாத புதியவர்களுக்குக் காட்டும் விளம்பரம், ஓர் ஆர்டருக்கு அதிகச் செலவு ஆவதாகத் தோன்றி வெட்டப்படும், எப்படியும் வரவிருந்தவர்களைத் துரத்தும் விளம்பரத்துக்குப் பணம் போய்ச் சேரும்.

பார்வைக் கணக்கை அடியோடு தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. யூடியூபைத் தொலைக்காட்சியில் பார்க்கும் குடும்பத்தினர் விளம்பரத்தைச் சொடுக்க மாட்டார்கள்; அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு நேரில் வருவார்கள் அல்லது மறுநாள் கைப்பேசியில் வாங்குவார்கள். சொடுக்கை மட்டும் எண்ணினால் காணொலிக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். பார்வைக் கணக்கைத் தனியே வைத்து, விலக்கி வைத்த பிரிவோடு ஒப்பிட்டு எடைபோட வேண்டும்.

ஆகவே அடுத்த தவணைப் பணத்தைக் கட்டும் முன் விளம்பர நிறுவனத்திடம் பின்வருவனவற்றைக் கேட்டுப் பெறுமாறு வேண்டுகிறேன். முகநூல் அறிக்கையில் 7 நாள் சொடுக்கும் 1 நாள் பார்வையும் தனித்தனிப் பத்திகளாக இருக்கட்டும். விளம்பர மேலாண்மைத் திரையில் அந்த ஒப்பீட்டை எடுப்பது சில நிமிட வேலை. கூகுள் தன் திரையில் `View-through conv.` என்ற பத்தியை `Conversions` பத்தியிலிருந்து ஏற்கெனவே பிரித்தே வைத்திருக்கிறது. இரண்டையும் யாரும் கூட்டித் தரக் கூடாது. ஆனால் யூடியூபில் தாண்டிச் செல்லத்தக்க விளம்பரத்தைச் சொடுக்காமல் 10 விநாடி பார்த்துவிட்டுப் பிறகு வாங்கியவர்கள் `Conversions` பத்திக்குள்ளேயே வருவார்கள் என்பதால், அதை `Ad event type` வாரியாகவும் பிரித்துக் கேளுங்கள்.

பழைய வாடிக்கையாளர் பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கை விளம்பரம் காட்டாமல் விலக்கி வையுங்கள். ஒப்பிடும்போது விளம்பரத்தைப் பார்த்தவர்களை மட்டும் எடுக்காமல், பட்டியலின் இரு பிரிவுகளையும் முழுமையாக ஒப்பிடுங்கள். பார்த்தவர்கள் இயல்பாகவே இயங்கலையில் அதிகம் உலவுபவர்கள், அதிகம் வாங்குபவர்கள். புலனத்தில் வரும் ஆர்டர்களையும் கடையில் நேரில் விற்றதையும் தொலைபேசி எண்ணை வைத்து அதே இரு பிரிவுகளில் சேர்க்க வேண்டும். என் சோதனையில் நான் அதைச் செய்யத் தவறினேன். நான்கு ஐந்து கடைகள் சேர்ந்தால் அதற்குத் தேவையான பில் விவரமும், 60-ஐவிடப் பெரிய எண்ணும் நம்மிடம் இருக்கும். என் கடையின் பட்டியலையும் சென்ற ஆண்டுக் கணக்கையும் குழுவின் முன் வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
லெபோ பசாரில் புடவைக் கடை நடத்தும் உங்கள் குழு உறுப்பினர்