118 வயது மூதாட்டி: கடைசி மகனின் வயதையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில், நம் மாவட்டத்து மூதாட்டி ஒருவருக்கு 118 வயது என்று படத்துடன் செய்தி வெளியாகியிருந்தது. ஆதாரமாக அவருடைய ஆதார் அட்டையைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதே செய்தியின் கடைசிப் பத்தியில், அவரைப் பார்த்துக்கொள்ளும் இளைய மகனுக்கு 58 வயது என்றும் இருந்தது. 118-லிருந்து 58-ஐக் கழித்துப் பாருங்கள். அந்த அம்மாள் 60 வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். செய்தி அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் இந்தக் கழித்தலைச் செய்திருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நான் 1984 முதல் 33 ஆண்டுகள் குடியாத்தம் வட்டாரத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். வயது எப்படித் தாளில் ஏறுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைவிட, என் சொந்த அத்தையின் கதை இதே போன்றது. அதை விவரமாகச் சொல்கிறேன்.

அத்தைக்கு ஆதாரின்படி இப்போது 108 வயது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களிக்க வந்தபோது, நூறு கடந்த வாக்காளர் என்று சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். என் அப்பா அவருடைய தம்பி. அக்காவுக்கும் தனக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம் என்று அப்பா எப்போதும் சொல்வார். அப்பா பிறந்தது 1939. எனக்கு அங்கேதான் உறுத்தியது. வீட்டில் இருந்த காகிதங்களை எல்லாம் பழையதிலிருந்து புதியது வரை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

1987-ல் மாமா படுத்த படுக்கை. பிள்ளைகள் இன்னும் தலையெடுக்கவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார்கள். அதற்கு வயது வரம்பு உண்டு. வெயிலில் களை பறித்துக் கறுத்து வற்றிய உடம்பைப் பார்த்து 65 என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் அப்போது அவருக்கு 51. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, ஒரு குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்ற எழுதினார். 1998-ல் புதுக் குடும்ப அட்டை. உதவித்தொகைக் காகிதத்தின்படி கணக்கிட்டால் 76 வர வேண்டும். வீட்டில் "எண்பது இருக்கும்" என்றார்கள், 80 ஆனது. 2012-ல் ஆதார். குடும்ப அட்டையின் கணக்குப்படி 94. அதையும் முழுசாக்கி 95 என்றார்கள். பிறந்த தேதி தெரியாமல் வயதை மட்டும் சொன்னால் அந்த வருடத்து ஜனவரி முதல் தேதி பதிவாகும். அப்படி வந்ததுதான் 01-01-1917.

முதலில் 14 வருடம், அப்புறம் 4, கடைசியில் 1. ஆக 19 வருடக் கூடுதல். மூன்று முறையும் பிழை ஒரே திசையில்தான் போயிருக்கிறது, மேலே. குறைத்துச் சொல்ல யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஒவ்வொரு அட்டையும் முந்தைய அட்டையைப் பார்த்து எழுதப்பட்டது. மூன்று ஆவணங்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒத்துப்போவதால் மூன்று சாட்சிகள் இருப்பதுபோல் தோன்றும். பார்த்தால் 1987-ல் போட்ட ஒரே ஊகம்தான் மூன்று அட்டைகளிலும் இருக்கிறது.

சரி, உண்மை எது என்று எப்படித் தெரிந்தது? அத்தையிடமே கேட்டேன். "தாது வருஷம், ஆடி மாசம்" என்று யோசிக்காமல் சொன்னார். பேரப்பிள்ளைகளோ தாது வருஷப் பஞ்சம் என்று எங்கோ படித்துவிட்டு, பாட்டி அந்தக் காலத்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. அதன்படி அவருக்கு 149 வயது ஆக வேண்டும்! நம் தமிழ் வருடப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அடுத்த தாது 1936. படிக்காத பெரியவர்களுக்குப் பிறந்த ஆண்டு எண்ணாகத் தெரியாமல் இருக்கலாம், வருடப் பெயரை மறப்பவர்கள் குறைவு. ஒரு பெயருக்கு 60 வருட இடைவெளியில்தான் அடுத்த வாய்ப்பு என்பதால், எது சரி என்று பிரித்துவிடுவது சுலபம். 1917-க்கு நேரான தமிழ் வருடம் தாது அல்ல, பிங்கள.

வாய்ச்சொல் மட்டும் போதாது என்று பழைய கிராமப் பிறப்புப் பதிவேட்டைத் தேடினேன். கணக்குப்பிள்ளைகள் எழுதிய காலத்துப் பதிவேடுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது. தகப்பன் பெயர், தேதி, "ஆண்" அல்லது "பெண்", அவ்வளவுதான். தாத்தாவின் பெயரில் முதலில் 1931-ல் ஒரு பெண் குழந்தை கிடைத்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அத்தைக்கு ஐந்து வயது கூட்டியிருப்பேன். பழக்கத்தினால் இறப்புப் பதிவேட்டையும் புரட்டினேன். 1933-ல் அதே தகப்பன் பெயரில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இறந்திருக்கிறது. அதன் பிறகு 1936 ஜூலைக் கடைசியில், அதாவது ஆடியில், இன்னொரு பெண். அதுதான் அத்தை. இறந்த குழந்தைக்கு வைத்திருந்த குலதெய்வத்தின் பெயரையே இவருக்கும் வைத்தார்கள் என்பது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்தப் பெயர்க் குழப்பம் உலகப் புகழ்பெற்ற ஒரு பதிவையே கவிழ்த்திருக்கிறது. ஜப்பானின் ஷிகெச்சியோ இசுமி 1986-ல் இறந்தபோது 120 வயது என்று உலகமே ஏற்றுக்கொண்டது. பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அவருக்குக் காட்டப்பட்ட பிறப்புப் பதிவு சிறுவயதில் இறந்த அண்ணனுடையதாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுப்பினார்கள். இப்போது அந்த 120 கணக்கில் இல்லை. 122 வருடம் 164 நாள் வாழ்ந்த பிரான்சின் ஜான் கல்மாவைப் பற்றியும் சந்தேகம் எழுப்பிப் பார்த்தார்கள். அவர் ஒரே ஊரில் வாழ்ந்தவர். பிறப்பு, திருமணம், இடையில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் என்று வாழ்நாள் முழுக்கப் பதிவுகள் தொடர்ச்சியாக இருந்ததால் ஆய்வாளர்கள் அந்த வயதை ஏற்கிறார்கள். முதுமையில் எடுத்த அட்டை ஒன்று போதாது. பிறந்தபோது எழுதியது, நடுவயதில் எழுதியது, முதுமையில் எழுதியது எல்லாம் ஒரே ஆளைக் குறிக்க வேண்டும்.

"ஏதோ ஒன்றிரண்டு பேருக்குத் தவறாக இருக்கலாம், எல்லாருக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்தில் 80-லிருந்து 90 வயதுக்குள் 10,000 பேர். உண்மையாக நூறு கடந்தவர்கள் 20 பேர். 500 பேரில் ஒருவருக்கு மட்டும் அட்டையில் 20 வயது கூடிவிட்டது. மிகச் சின்னப் பிழைதான். ஆனால் அப்படி 20 பேர் நூறு கடந்தவர் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். பட்டியலில் பாதி பொய். நூறு வயதுக்காரருக்கு 80 என்று எழுதும் எதிர்ப்பிழையும் நடக்கும். ஆனால் 20 பேரில் எத்தனை பேருக்கு நடந்துவிடும்? நடந்தாலும் அதை யார் செய்தியாகப் போடுவார்கள்?

110-க்கு மேலே போனால் நிலைமை இன்னும் மோசம். நூறைத் தொட்டவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர்தான் 110-ஐத் தொடுகிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் உயிர் தங்குவது ஏறக்குறைய காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போல. 110-லிருந்து 118-ஐ அடைய எட்டு முறை தொடர்ந்து தலை விழ வேண்டும். 256 பேரில் ஒருவருக்குத்தான் அது வாய்க்கும். தாளில் மட்டும் 110 ஆனவரின் உடம்புக்கு உண்மையில் 90-தான். அவர் சுலபமாக இன்னும் சில வருடம் இருப்பார், தாளில் 115, 118 என்று ஏறிக்கொண்டே போவார். அதனால் வயது கூடக்கூட உண்மையானவர்கள் கரைந்து, பிழைகள் மட்டும் மிஞ்சும். அமெரிக்காவில் மாநிலவாரியாகப் பிறப்புச் சான்றிதழ் முறை வந்த வருடங்களை வைத்து சவுல் நியூமன் என்ற ஆய்வாளர் பார்த்தார். சான்றிதழ் வந்ததும் 110 கடந்ததாகச் சொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 69-லிருந்து 82 சதவீதம் வரை விழுந்திருந்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2024-ல் அவருக்குக் கிடைத்தது இந்த வேலைக்குத்தான்.

நம் பக்கத்தில் பதிவு தேடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 118 வயது என்றால் 1907-ல் பிறந்திருக்க வேண்டும். அப்போது நம் பக்கமெல்லாம் வட ஆற்காடு மாவட்டம். சித்தூரே அதில்தான் இருந்தது, 1911-ல்தான் தனி மாவட்டமானது. பிறகு 1989-லும் 2019-லும் மாவட்டம் உடைந்தது. ஆகவே பதிவேடு கிடைக்கவில்லை என்பதை வைத்து யாரையும் பொய் சொல்வதாக நினைக்க முடியாது. பதிவேடு இல்லாமலேயே கேட்கக்கூடிய கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். என் அத்தை விஷயத்தில்கூட, கடைசிப் பிள்ளை 1972-ல் அரசு மருத்துவமனையில் பிறந்தவன். 1917-ஐ நம்பினால் பிரசவத்தின்போது அவருக்கு 55 வயது. 1936 என்றால் 36. பிறப்புப் பதிவேடு கரையான் அரித்துப் போயிருந்தாலும் இந்த ஒன்று போதும், 1917 தவறு என்று சொல்ல.

அத்தையிடம் அவருக்கு 89-தான் என்று சொன்னேன். "நான் எங்கேடா நூத்தியெட்டுன்னு சொன்னேன்? நீங்கதானே எழுதினீங்க" என்றார். அது உண்மை. அவர் வாயால் ஒருநாளும் தன் வயதைக் கூட்டிச் சொன்னதில்லை.

உங்கள் நிருபர் அந்த மூதாட்டியின் வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் தேதி ஜனவரி 1-ஆ என்று பார்க்கட்டும். எல்லாப் பிள்ளைகளின் வயதையும், கூடப் பிறந்தவர்களில் யார் மூத்தவர் யார் இளையவர் என்பதையும் எழுதிக்கொள்ளட்டும். அந்த அம்மாளிடமே எந்த வருஷம், எந்த மாசம் பிறந்தார் என்று தமிழ்ப் பெயரில் கேட்கட்டும். பழைய பதிவேட்டைத் தேட ஆள் வேண்டுமென்றால் நான் உடன் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
குடியாத்தம்.