அட்டையைக் குறைக்கும் முன் சப்ளையரை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்டியோடு வரும் அட்டை கழன்று சப்ளையருக்குப் போனால்தான் அடுத்த சரக்கு வரும் கன்பான் முறையால் சரக்கிருப்பைக் குறைப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அட்டைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் சூத்திரத்தைச் சரியாகவே தந்திருக்கிறார்கள். ஆனால் அதில் வரும் லீட் டைம், அதாவது அட்டை கிளம்பிச் சரக்கோடு திரும்ப ஆகும் காலம், ஒரு சராசரி என்பதையும், சப்ளையர் அந்தச் சராசரியிலிருந்து விலகினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லாமல் விட்டது பெரிய குறை. அதை நம்பி இருப்பைக் குறைப்பவர்களின் லைன்தான் முதலில் நிற்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு லைனுக்கு நாளொன்றுக்கு 480 பாகம் தேவை. 8 மணி நேர ஷிப்டில் மணிக்கு 60. ஒரு பெட்டியில் 40 பாகம், ஆக நாளொன்றுக்கு 12 பெட்டி. அட்டை கிளம்பிச் சரக்கோடு திரும்ப 2 நாள். பாதுகாப்புக்கு 10 சதவீதம் சேர்த்தால் 480 × 2 × 1.1 ÷ 40 = 26.4, அதாவது 27 அட்டை. அவற்றில் 24 எப்போதும் சப்ளையரிடமோ வழியிலோ இருக்கும். லைனுக்குப் பக்கத்து ரேக்கில் இருப்பது 3 பெட்டி, வெறும் இரண்டு மணி நேரத்துக்கான சரக்கு.

திங்கட்கிழமை லாரி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் ரேக் காலி, மீதி ஆறு மணி நேரம் லைன் நிற்கும். இந்த நஷ்டம் எல்லோர் கண்ணுக்கும் படும். கண்ணில் படாத சேதம் அட்டைகளில் நடக்கிறது. பெட்டியைத் திறந்தால்தான் அட்டை கழன்று சப்ளையருக்குப் போகும். லைன் நின்றதால் அன்று கழன்றவை 12 அல்ல, 3 மட்டுமே. செவ்வாயன்று இரண்டு நாள் சரக்கும் சேர்ந்து 24 பெட்டி வந்து இறங்குகிறது. விட்டதைப் பிடிக்க ஆறு மணி நேரம் ஓவர்டைம் ஓட்டுகிறார்கள்; அன்று 21 அட்டை கழல்கிறது.

சப்ளையர் பக்கம் நின்று பாருங்கள். அவருக்கு வந்த வரிசை 12, 3, 21. இந்தப் பக்கம் தேவை கடுகளவும் மாறவில்லை. மூன்று அட்டை வந்ததைப் பார்த்து ஆர்டர் குறைந்துவிட்டது என்று மெஷினில் வேறு வாடிக்கையாளரின் டையை ஏற்றியிருப்பார். மறுநாள் 21 வந்ததும் திணறுவார். நாளொன்றுக்கு 12 பெட்டிக்கு அமைத்த மெஷின் அதைத் தாங்காது. மறுபடியும் தாமதம். அவருடைய முதல் தாமதம்தான் அட்டை வழியாகத் திரும்பிப் போய் அவரையே இரண்டாவது தாமதத்துக்குத் தள்ளுகிறது. அட்டை தேவையை மட்டும் சொல்லும், லைன் ஏன் நின்றது என்பதைச் சொல்லாது. வந்த சரக்கில் ரிஜெக்ட் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அட்டைக் கணக்கில் அந்தப் பெட்டி நல்ல பெட்டிதான்.

இது ஒரே ஒரு பாகத்தின் கதை. 40 பாகங்கள் சேரும் அசெம்பிளியில் ஒவ்வொரு பாகமும் 98 சதவீதம் நேரத்துக்கு வந்தாலும், எல்லாம் ஒன்றாகக் கையில் இருக்கும் வாய்ப்பு 45 சதவீதத்துக்கும் குறைவு.

கன்பானைப் பெற்றெடுத்த டொயோட்டாவுக்கும் இதில் விலக்கு இல்லை. 1997 பிப்ரவரியில் அதன் சப்ளையரான ஐசின் செய்கி நிறுவனத்தின் காரியா ஆலையில் தீப்பிடித்தபோது, பிரேக்குக்கான ஒரு சிறிய வால்வு கிடைக்காமல் ஜப்பானில் டொயோட்டாவின் கார் உற்பத்தி பெரும்பாலும் நின்றுபோனது. கையிருப்பு மிகக் குறைவாகத்தான் இருந்தது.

என் யோசனை இதுதான். அட்டையைக் குறைப்பதற்கு முன், ஒவ்வொரு அட்டையிலும் அது கிளம்பிய தேதியையும் திரும்பிய தேதியையும் எழுதி, 30 சுற்றுக்காவது பாருங்கள். சராசரியை விடுங்கள், மிக மோசமான சுற்றைப் பாருங்கள். 2 நாள் சராசரியில் மோசமானது 4 நாளாக இருந்தால், பாதுகாப்புச் சதவீதம் சேர்க்காமலே 48 அட்டை வேண்டும். அப்படிப்பட்ட சப்ளையரைக் கன்பானில் கட்டாதீர்கள். சரக்கு வாங்கும் ஸ்டோரில் தனியாக ஒரு தாங்கு இருப்பு வைத்து, ஸ்டோருக்கும் லைனுக்கும் இடையில் மட்டும் அட்டையை ஓட்டுங்கள். வெளி ஆர்டர் நாள்வாரியாக நிலையான அட்டவணையில் போகட்டும். அப்போது 12, 3, 21 என்ற ஆட்டம் சப்ளையரை எட்டாது.

அந்தத் தாங்கு இருப்பில் கைவைக்கும் ஒவ்வொரு தடவையும் காரணத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: டை மாற்றம், மூலப்பொருள், லாரி, ரிஜெக்ட் என்று. திரும்பத் திரும்ப வரும் காரணத்தைச் சப்ளையரோடு உட்கார்ந்து தீர்த்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரு பெட்டி என்று இருப்பைக் குறைக்கலாம்.

இப்படிக்கு,
உற்பத்தித் திட்டமிடல் துறையில் இருக்கும் ஒரு வாசகர்