சாம்பார் சாதச் சீட்டில் எண்கள் ஏன் மாறின?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதன்கிழமை சாம்பார் சாதத் தட்டோடு வரும் சத்துக் கணக்குச் சீட்டில் இந்த வாரம் முதல் எண்கள் மாறியிருக்கும். சமையல் மாறவில்லை. இதுவரை நாங்கள் கணக்குப் போட்ட விதம்தான் தப்பு.

அதைக் கண்டுபிடித்தது உங்களில் ஒருவர். ஜிம்முக்குப் போகிறவர். ஒருநாள் தட்டில் விழுந்ததை அப்படியே டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்திருக்கிறார். 430 கிராம். எங்கள் சீட்டோ ஒரு தட்டு 360 கிராம் என்ற கணக்கில் அச்சானது. அன்றைக்கு ஏறக்குறைய 165 பேரோடு அண்டா காலியாகி, கடைசியில் வந்தவர்களுக்கு ரசம் சாதம் போட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். 200 பேருக்குச் சமைத்த மொத்தத்தை 200 ஆல் வகுத்துச் சீட்டில் போட்டோம். கரண்டியோ தன்பாட்டுக்கு அள்ளிக்கொண்டிருந்தது.

முதலில் அளவைப் பெருக்கும் கதை. எங்களிடம் இருந்தது 10 பேருக்கான செய்முறை: அரிசி 600 கிராம், துவரம்பருப்பு 250, காய் 500, நல்லெண்ணெய் 60, நெய் 25, தண்ணீர் மூன்றரை லிட்டர். இருபதால் பெருக்கினால் அரிசி 12 கிலோ, பருப்பு 5, காய் 10 என்று வரும். இவை அப்படியே சரி. தண்ணீரில்தான் மாட்டிக்கொண்டோம். பெருக்கினால் 70 லிட்டர். முதல் தடவை அப்படியே ஊற்றி, கஞ்சியாகப் பரிமாறினோம். சின்னப் பாத்திரத்தில் இருக்கும் அளவுக்கு வாய் அகலம், ஆவியாகப் போவது அதிகம். அண்டாவில் அந்த விகிதம் குறைவு. அடுப்பை அணைத்த பிறகும் சூடு அடங்காமல் வெந்துகொண்டே இருக்கும். இப்போது 51 லிட்டரில் நிற்கிறோம். தாளிக்கும் எண்ணெயும் அப்படித்தான். 1,200 கிராம் வேண்டியதில்லை, 800 போதும். மிளகாயும் பொடியும் முக்கால் பங்கில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுகிறோம்.

சத்துக் கணக்கை வேகாத எடையிலிருந்தே போடுகிறோம். வெந்த சோற்றுக்கான எண்ணை வேகாத அரிசி எடையோடு பெருக்கிவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் சாதத்தின் கலோரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியல்படி 100 கிராம் பச்சரிசியில் புரதம் ஏறக்குறைய 8 கிராம், துவரம்பருப்பில் 22. காய், பொடி, புளி எல்லாம் சேர்த்தால் மொத்தச் சமையலில் புரதம் 2,250 கிராம், மாவுச்சத்து 13,000, கொழுப்பு 1,520. கொழுப்பில் 1,300 கிராம் எண்ணெயும் நெய்யும் மட்டுமே. அதனால் எண்ணெயைக் குவளையால் அளக்காமல் நிறுத்துத்தான் ஊற்றுகிறோம்.

அடுத்து, எத்தனை தட்டு என்று கேட்காமல் வெந்த சாதம் எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும். இரண்டு அண்டாக்களின் வெறும் எடையையும் வெளிப்பக்கம் பெயின்ட்டில் எழுதிவைத்துவிட்டோம். சமைத்ததும் மேடைத் தராசில் ஏற்றி, அந்த எடையைக் கழித்தால் சாதம் வந்துவிடும். போன வாரம் இரண்டிலும் சேர்த்து 72 கிலோ. ஆக 100 கிராமில் புரதம் 3.1, மாவுச்சத்து 18, கொழுப்பு 2.1 கிராம், சுமார் 104 கலோரி. அடிப்பிடித்து நிற்பதற்கும் சேர்த்து இடம் விட்டு, தட்டுக்கு 350 கிராம் என்று வைத்தோம். அப்படிப் பார்த்தால் ஒரு தட்டில் புரதம் 11, மாவுச்சத்து 63, கொழுப்பு 7 கிராம், கலோரி 363. ஜிம் நண்பர் அன்று சாப்பிட்டது ஏறக்குறைய 447.

பரிமாறுவதில் இன்னும் ஒரு சிக்கல். சாம்பார் சாதம் நேரமாக ஆக இறுகும். பன்னிரண்டு மணிக்குத் தளர அள்ளிய கரண்டியும் இரண்டு மணிக்குக் குவித்து அள்ளிய கரண்டியும் ஒரே எடை இல்லை. அதனால் ஒவ்வொரு 25 தட்டுக்கும் ஒரு தட்டை எடை போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். நெய்த்தாளிப்பு மேலே மிதந்தால் முதலில் வருபவர் தட்டில்தான் எல்லாம் விழும். அதற்காக அடிவரை கிளறிய பிறகே பரிமாறுகிறோம். வரிசையில் நிற்கும்போது "சீக்கிரம் போடுங்க" என்று சத்தம் போடாதீர்கள், அந்தக் கிளறல் முக்கியம்.

இவ்வளவு செய்தும் எண்கள் பத்து சதவீதம் அப்படி இப்படி இருக்கும். ஒரு தட்டில் கேரட் கூடும், இன்னொன்றில் பருப்பு. அப்பளமும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் இல்லை. மறுசோறு வாங்கினால் அதை நீங்களேதான் கூட்டிக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இந்தச் சீட்டை மட்டும் நம்பி அளவை மாற்றாமல், மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை வடைக்கு இன்னும் சீட்டு வரவில்லை. பொரிப்பதற்கு முன்னும் பின்னும் வாணலி எண்ணெயை நிறுத்து, குறைந்ததை வடைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறோம். மூன்று வாரமும் மூன்று எண்ணாக வந்தது. எண்ணெய் காயாத அன்றைக்குக் குடித்தது அதிகம். அது ஒரு நிலைக்கு வந்ததும் அச்சடித்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் மதியச் சாப்பாட்டுக் கேன்டீன்