பெரியப்பா கோபத்திலும் நியாயம் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, கடைக்காரர் மகனின் மீம் பக்கத்தைப் பற்றிய சிறுகதையை இரண்டு தடவை படித்தேன். தென்காசிப் பக்கம் 28 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் மகனும் மீம் போடுகிறவன். அதனால்தான் எழுதுகிறேன்.

கதையில் பையன் போடும் மீம், வடிவேலு தலையைச் சொறியும் படம். மேலே, "அண்ணாச்சி, ஒண்ணாம் தேதி தந்துடறேன்." கீழே, "எந்த மாசம்னு சொல்லலையே!" யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப, அது பெரியப்பாவின் வாட்ஸாப்புக்கு வந்துவிடுகிறது. பக்கத்தின் பெயரும், மற்ற கடைக்காரர்கள் சிரித்துப் போட்ட கமெண்டுகளும் அதில் வெட்டுப்பட்டுப் போயிருக்கின்றன. வாடிக்கையாளர்களை ஊர் முன்னால் கேவலப்படுத்துகிறான் என்று அவர் பையனின் போனைப் பிடுங்கிக்கொள்கிறார்.

இந்த இடம் அப்படியே நிஜம். மீமில் பாதி விஷயம் படத்துக்குள் இருக்காது, பார்ப்பவர் மனசில்தான் இருக்கும். 2019 மே மாதம் 'ஃப்ரண்ட்ஸ்' பட வடிவேலுவுக்காக #Pray_for_Nesamani என்று நாமெல்லாம் போட்டபோது, அந்தப் படத்தைப் பார்க்காத வெளிமாநிலத்துக்காரர்கள் யார் இந்த நேசமணி, என்ன ஆயிற்று என்று கேட்டார்களே. பெரியப்பாவின் நிலைமையும் அதுதான்.

ஆனால் பையன் விளக்கியதும் அவர் சிரித்துவிடும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தொழிலில் கடன் நோட்டு என்பது ரகசியம். நாலு பேர் நிற்கும்போது ஒருவரிடம் பாக்கியைக் கேட்க மாட்டோம். நோட்டைத் திருப்பிக் காட்டி, விரலால் தொகையைத் தொடுவதோடு சரி.

போன வருடம் என் மகன் ஒரு மீம் போட்டான். "மூணு மாச பாக்கி, வாசல்ல புது பைக்." பெயர் இல்லை, கடை பெயரும் இல்லை. என் அண்ணன் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். யாரையும் சொல்லவில்லையே என்று நான் மகன் பக்கம்தான் பேசினேன். ஆனால் அந்த மாதம் எங்கள் தெருவில் புது பைக் எடுத்தவர் ஒரே ஒருவர். ஒண்ணாம் தேதி மீம் எல்லாருக்கும் பொது. இந்த பைக் ஒரு வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்தது. அந்த வித்தியாசம் அண்ணனுக்கு உடனே தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. கதையில் வரும் பெரியப்பாவுக்கும் எழுத்தாளர் இந்தக் கண்ணைக் கொடுத்திருக்கலாம்.

மகன் அன்று ராத்திரியே மீமை அழித்துவிட்டான். அதற்குள் அது தெரு முழுக்கப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து அந்த வாடிக்கையாளர் வந்தார். பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தார். வரவு வைக்கத் தன் வீட்டு நோட்டை என்னிடம் நீட்டியவர், அதைத் திருப்பி வாங்காமலே போய்விட்டார். அது இன்னும் என் கல்லாவில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
தென்காசி மாவட்டம்