நிபோங் திபால் மிளகாய் விவசாயிகளுக்கு ஒரு கொள்முதல்காரனின் திறந்த மடல்

அன்புள்ள ஐயா, அம்மா, தம்பிமாரே,

பிறையில் மிளகாய் விழுது அரைக்கும் சிறிய ஆலை ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகக் காய் வாங்கிக் கொடுப்பவன் நான். போன மாதம் உங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு பை குலாய் ரக மிளகாயுடன் வந்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற காய். "வாரம் எவ்வளவு தருவீர்கள்?" என்றேன். "எவ்வளவு வேண்டுமானாலும்" என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் அவரிடம் வாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. கோபத்தில் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

அவரிடம் இருப்பது 2,000 பைச் செடிகள். பாசன நீரிலேயே உரத்தைக் கலந்து ஊட்டும் ஃபெர்டிகேஷன் முறையில் செடிக்கு 2 கிலோ என்று வைத்தால் மொத்தம் 4,000 கிலோ. நாற்று நட்டுச் சுமார் 12 வாரம் கழித்துப் பறிப்பு தொடங்கி, 14 வாரம் ஓடும். சராசரி வாரத்துக்குச் சுமார் 285 கிலோ. ஆனால் செடி சராசரி பார்த்துக் காய்ப்பதில்லை. முதல் வாரங்களில் ஒன்றிரண்டு கூடை, நடுவில் கொட்டும், பிறகு இறங்கும். எங்கள் ஆலைக்கோ செவ்வாய்க்கு 250, வெள்ளிக்கு 250 என்று ஆண்டு முழுக்க ஒரே அளவு வேண்டும். ஒரு வாரம் காய் வராவிட்டால் ஆட்களும் கொதிகலனும் சும்மா நிற்கும்.

ஆகவே தனியாக வராதீர்கள். 2,000 செடி வைத்திருக்கும் நால்வர் சேர்ந்து, ஆறு ஏழு வார இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக நடுங்கள். எப்போதும் இரண்டு தோட்டங்களாவது பறிப்பில் இருக்கும். சராசரி 600 கிலோவை ஒட்டி வரும். எங்களுக்கு 500 போக மிச்சம் மொத்தச் சந்தைக்குப் போகட்டும். நான்கு தோட்டத்துக்கும் நடவுத் தேதியை ஒரே தாளில் எழுதிக் கொண்டுவந்தால், மாதிரிக் காயைவிட அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது மருந்து. பல பேச்சுவார்த்தைகள் உடைவது இங்கேதான். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை பறிக்கும் பயிர் இது. போத்தல் லேபிளில் 'தெளித்த பின் 14 நாள் பறிக்கக் கூடாது' என்று இருந்தால், இடையில் வரும் மூன்று நான்கு பறிப்பையும் கொட்ட வேண்டும். யார் கொட்டுகிறார்? அதனால் காய்ப்புக்கு வந்த பிறகு காத்திருப்பு நாள் குறைந்த மருந்தையே எடுங்கள். நீண்ட காத்திருப்பு உள்ளதைப் பூப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தெளித்த தேதி, மருந்தின் பெயர், அளவு, அடுத்துப் பறித்த தேதி ஆகியவை ஒரு குறிப்பேட்டில் இருக்கட்டும். நல்ல விவசாய முறைக்கு அரசு தரும் மைகேப் சான்றிதழுக்கும் இந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். ஒருமுறை ஒருவரின் குறிப்பேட்டில் எல்லாப் பக்கமும் ஒரே பேனா, ஒரே கையழுத்தம். முந்தின இரவு எழுதியது. ஆய்வகத்துக்கு அனுப்பினோம், மருந்து எச்சம் அதிகம் என்று வந்தது. அந்த லாரி திரும்பிப் போனது.

காயின் அழகு எங்களுக்கு முக்கியம் அல்ல. சந்தைக்காரர் பாதி சிவந்த, காம்பு பச்சையான காயைக் கேட்பார். நாங்கள் முழுதாகச் சிவந்த, காம்பு நீக்கிய காயைக் கேட்போம். வளைந்திருந்தாலும் குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் காம்பு கிள்ளினால் எடை குறையும், கூலியும் ஏறும். பத்துக் கிலோவைக் கிள்ளுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, நேரத்தையும் குறித்துக்கொண்ட பிறகே விலை சொல்லுங்கள். பனி காய்ந்த பின் பறித்துக் காற்றோட்டமுள்ள கூடையில் அனுப்புங்கள். சாக்கில் கட்டினால் உள்ளே புழுங்கும். பையில் கைவிட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் அப்படியே திருப்பிவிடுவேன்.

விலையில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. மழைக்காலத்தில் சந்தை விலை ஏறியதும் கைப்பேசியை அணைத்துவிடுகிறீர்கள். விலை விழுந்ததும் வாசலில் நிற்கிறீர்கள். எங்கள் தரப்பும் உத்தமர்கள் அல்ல: விழும்போது ஒப்பந்தத்தை மறந்து 'தரம் சரியில்லை' என்பவர்களை எனக்குத் தெரியும். இதற்கு வழி, அரசின் விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா வெளியிடும் மொத்த விலையை ஒட்டிப் பேசி, ஒரு தரையும் ஒரு கூரையும் வைப்பது. எடுத்துக்காட்டாக, தரை கிலோவுக்கு 5 ரிங்கிட், கூரை 9. சந்தை 3 ஆனாலும் நாங்கள் 5 தருவோம். 13 ஆனாலும் நீங்கள் 9க்குத் தர வேண்டும். அந்த 4 ரிங்கிட் நெஞ்சை அறுக்கும், தெரியும். எனவே அறுவடை முழுவதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வேண்டிய அந்த 500 கிலோவை மட்டும் கொடுங்கள்.

பணம் 30 நாளில் வரும். சில ஆலைகளில் 60. உரக்கடைக் கடன் அதற்கு முன்பே தவணை கேட்குமானால், முதல் பறிப்பை ரொக்கச் சந்தைக்கே அனுப்புங்கள்.

அந்தத் தம்பிக்கும் சொல்லுங்கள்: புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் ஓய்வாக இருப்பேன். ஐந்து கிலோ காம்பு நீக்கிய காய், தெளிப்புக் குறிப்பேடு, நடவுத் தேதித் தாள், கூடவே மற்ற மூவர்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு கொள்முதல்காரன்