பரிந்துரைக் கடிதம் பயிற்சியின் முதல் வாரத்திலேயே தொடங்குகிறது

ஆசிரியருக்கு,

கல்லூரி மாணவர்களின் இன்டர்ன்ஷிப் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். பயிற்சிச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்பது சரி. ஆனால் அது கெடுவது கடைசி நாளில் அல்ல, முதல் வாரத்தில். எங்கள் கணக்குப் பிரிவுக்கு 8 வாரப் பயிற்சிக்கு வந்த மாணவி, முதல் 3 வாரம் நகல் எடுத்துக்கொண்டிருந்தார் (தவறு என்னுடையதுதான்). அப்புறம் சப்ளையர் பில்களை வங்கிப் பதிவுகளோடு ஒப்பிடும் வேலையை முழுதாக ஒப்படைத்தேன். இருமுறை பணம் கொடுத்த பில்களைக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமைதோறும் நான்கு வரி குறித்து வைத்ததால், பரிந்துரைக் கடிதத்தில் ‘கடின உழைப்பாளி’ என்று ஒப்பேற்றாமல், என்ன செய்தார், எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று எழுத முடிந்தது.

மாணவரை அனுப்பும் முன்பே, அவர் முடித்துத் தர வேண்டிய வேலை எது, கடிதத்தில் கையெழுத்திடப்போகும் மேற்பார்வையாளர் யார் என்று நிறுவனத்திடம் கல்லூரி எழுதி வாங்கலாம்.