படிக்கட்டுக்கு அடியில் சிலிண்டர் வேண்டாம்: ஓசூர் வீட்டு ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூரில் மாடி மாடியாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஓனர்களுக்கு வணக்கம்.

கேஸ் கசிகிறது என்று போன் வந்தால் ஓடுகிற மெக்கானிக் நான். மூக்கண்டப்பள்ளி, சூசூவாடி, பாகலூர் ரோடு என்று நான் படியேறாத தெரு குறைவு. போகிற கட்டடத்தில் பாதிக்கு மேல் நுழைந்ததுமே சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்க்கிறேன்: "காலி சிலிண்டர், ஸ்பேர் சிலிண்டர்களைப் படிக்கட்டுக்கு அடியில் மட்டுமே வைக்கவும்." அந்த நோட்டீஸை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் அப்படி எழுதி வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சிலிண்டரை மாடிக்கு உருட்டிக்கொண்டு போனால் டைல்ஸ் உடைகிறது. டெலிவரிக்கு வருகிறவர் மூன்றாவது மாடி ஏற யோசிக்கிறார். படிக்கட்டுக்கு அடியில் இடம் சும்மா கிடக்கிறது. எல்லாம் நியாயம்தான். ஆனால் அதே இடத்தில் வேறு என்னென்ன இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். அத்தனை போர்ஷனுக்கும் சேர்த்து ஈ.பி. மீட்டர் போர்டு. பக்கத்திலேயே மோட்டார் ஸ்டார்ட்டர். சார்ஜில் போட்ட ஸ்கூட்டர். இரண்டடி தள்ளி சம்ப் மூடி. தலைக்கு மேலே, மாடியில் இருக்கிற எல்லோரும் இறங்கி ஓடுவதற்கு இருக்கிற ஒரே படி.

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் ஒரு கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்று தளம், ஆறு போர்ஷன். தரைத்தளத்தில் குடியிருக்கும் அக்கா எப்போதும் எழுந்ததும் மோட்டார் போடுவாராம். அன்றைக்கு முதலில் கோலம் போட உட்கார்ந்திருக்கிறார். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை, குனிந்ததும் மூக்கில் அடித்தது என்றார். மோட்டார் பக்கமே போகாமல் கேட்டைத் திறந்துவிட்டு, எல்லோரையும் கீழே வரச் சொல்லி, தெருவுக்கு வந்து கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்கு போன் செய்திருக்கிறார்.

குனிந்தால் மட்டும் வாடை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு பரவி, பள்ளம் தேடி இறங்கும். அந்தக் கட்டடத்தில் கேட்டுக்குத் தரைவரை தகரம் அடித்திருந்தது. பனி வருகிறதென்று இரவில் இழுத்துச் சாத்தியும் விட்டார்கள். வெளியே போக வழியில்லாத கேஸ் அங்கேயே தேங்கி, சம்ப் மூடி இடுக்கு வழியாக உள்ளேயும் இறங்கியிருந்தது.

நான் போனதும் சிலிண்டர் பக்கம் போகவில்லை. கேட்டின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து காற்று விட்டோம். மெயினை ஆஃப் செய்யலாமா என்று மாடியிலிருந்து வந்த தம்பி கேட்டார். தொடவே கூடாது என்றேன். சுவிட்சைப் போடும்போது வருகிற பொறி அணைக்கும்போதும் வரும். ஸ்டார்ட்டரில் அந்தப் பொறி இன்னும் பெரிது. மின்வாரியத்திலிருந்து ஆள் வந்து கம்பத்திலேயே கரண்டை நிறுத்தினார்.

வாடை அடங்கிய பிறகு பார்த்தால் படிக்கு அடியில் ஒன்பது சிலிண்டர். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு வால்விலும் விட்டேன். ஏழாவதில் பாசிப்பயறு அளவில் ஒரு குமிழி வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. காதை வைத்தாலும் சத்தம் கேட்காத கசிவு. நிறை சிலிண்டர், சீல் போயிருந்தது, வெள்ளை மூடி கழன்று நூலோடு பக்கத்தில் தொங்கியது. மூடியை வால்வில் வைத்து அழுத்தினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது, குமிழி நின்றது. தூக்கி வெளியே வைத்தோம். சம்ப்பைத் திறந்து போட்டு மதியம் வரை ஆள் காவல் வைத்தோம்.

இவ்வளவு சின்னக் கசிவு என்ன செய்துவிடும் என்று அந்த ஓனர் கேட்டார். அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். படிக்கு அடியில் அந்த இடம் ஆறடி நீளம், நாலடி அகலம், சராசரி நாலடி உயரம். கிட்டத்தட்ட 2,700 லிட்டர் காற்று. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும் நிலை வந்துவிடும். அதாவது ஐம்பத்துச் சொச்சம் லிட்டர் கேஸ்; எடை போட்டால் சுமார் 120 கிராம். 14.2 கிலோ சிலிண்டரில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. குமிழி குமிழியாக வந்தாலும் அடைத்த இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். கேஸ் தரையோடு தங்குவதால், மேலே கலக்கும் முன்பே கீழ்ப்பகுதி அந்த நிலைக்கு வந்துவிடும்.

காலி சிலிண்டர்தானே என்றும் நினைக்காதீர்கள். அடுப்பு எரியாத அளவுக்குக் காலியான சிலிண்டரிலும் கேஸ் மிச்சம் இருக்கும். மூடி இல்லாமல் வால்வில் தூசி உட்கார்ந்தால் அதுவும் கசியும். நான் பார்த்தவரை மூடி போடாமல் கிடப்பது பெரும்பாலும் காலி சிலிண்டர்கள்தான்.

சட்டப்படியும் ஒரு அளவு உண்டு. 2016-ம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, லைசென்ஸ் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ வரைதான் சமையல் கேஸ் வைக்கலாம். ஏழு நிறை சிலிண்டர் 99.4 கிலோ. எட்டாவது வந்தால் அளவு தாண்டிவிட்டது. குடித்தனக்காரர்களின் சிலிண்டரை எல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கச் சொல்லும்போது, அந்தக் கணக்கு உங்கள் இடத்தின் கணக்காகிவிடுகிறது.

பிறகு எங்கேதான் வைப்பது? அவரவர் சிலிண்டர் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். அடுப்பில் மாட்டியது சமையலறைத் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் மேடை மேல் இருக்க வேண்டும். மேடைக்கு அடியில் கதவு போட்ட கப்போர்டுக்குள் வைப்பதாக இருந்தால், கதவின் கீழ்ப்பக்கம் ஓட்டை விடுங்கள். மேலே மட்டும் விட்ட ஓட்டையால் பயனில்லை. ஸ்பேர் சிலிண்டர் பால்கனியிலோ துணி துவைக்கும் திறந்த இடத்திலோ இருக்கலாம், தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மாடியில் இடமே இல்லை என்றால், கட்டடத்துக்கு வெளியே காம்பவுண்டு சுவரோரம் கம்பிவலைக் கூண்டு ஒன்று அடித்து, மேலே வெயிலுக்கு ஷீட் போடுங்கள். சம்ப்புக்கும் மீட்டருக்கும் தள்ளி இருக்க வேண்டும். உள்ளே ஏழு சிலிண்டருக்கு மேல் கூடாது. டைல்ஸுக்கு பயமென்றால் "உருட்ட வேண்டாம், தூக்கிப் போகவும்" என்று எழுதி வையுங்கள். தூக்குகிறவருக்குக் கூலி கொடுங்கள்.

கேட்டில் தரைவரை தகரம் இருந்தால் கீழே ஒரு சாண் வெட்டி விடுங்கள். பனி கொஞ்சம் உள்ளே வரும், வரட்டும்.

பழைய நோட்டீஸ் இருந்த இடத்தில் இப்படி எழுதலாம்: "படிக்கு அடியில் சிலிண்டர் வைக்க வேண்டாம். காலியானாலும் மூடியைப் போட்டு வைக்கவும். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். மோட்டார், லைட், காலிங்பெல் எதையும் தொட வேண்டாம். கேட்டைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழைக்கவும்."

இதைத் தமிழில் மட்டும் எழுதினால் நம் ஊருக்குப் போதாது. சிப்காட் வேலைக்கு வந்து ஒரு ரூமில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் பையன்களில் பலருக்கு இந்திதான் தெரியும். தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். குடியிருப்பவர்களையே கூப்பிட்டு அவரவர் மொழியில் எழுதி வாங்குங்கள். எழுதியதை மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள். விடியற்காலை இருட்டில் முதல் கை போகிற இடம் அதுதான்.

இப்படிக்கு,
கேஸ் மெக்கானிக் ஒருவர்,
ஓசூர்.